ரோபோ நீருக்குள் ஆழம் மாறாமல் நிற்க: முதலில் எடை, அப்புறம்தான் புரோகிராம் கோடு

என் ரோபோவின் எடை 4.2 கிலோ. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று செங்குத்தாக இரண்டு த்ரஸ்டர். "80 செ.மீ. ஆழத்தில் நில்" என்று சொன்னால் 10 செ.மீ. மேலே போகும், 10 செ.மீ. கீழே வரும், ஏழு விநாடிக்கு ஒரு முறை ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். பி.ஐ.டி. எண்களை மாற்றி மாற்றி இரண்டு வாரம் போராடினேன். கடைசியில் கோளாறு கோடில் இல்லை, நான் எடை கட்டிய விதத்தில் இருந்தது. அதே இடத்தில் நீங்களும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஆர்டுயினோவில் இ.எஸ்.சி.யை ஓட்டத் தெரியும், உடல் நீர் புகாமல் மூடியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: ஆழத்தைப் படிப்பது

நான் பயன்படுத்துவது MS5837-30BA என்ற அழுத்த சென்சார். இது 30 பார் வரை தாங்கும், சுமார் 2 மி.மீ. நீர் மட்டம் வரை பிரித்துச் சொல்லும். I2C முகவரி 0x76. தொட்டியிலும் குளத்திலும் மட்டும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இதன் 02BA வகை இன்னும் நுணுக்கமாகப் படிக்கும். ஆனால் ஒருநாள் ஆழமான இடத்துக்குப் போக ஆசை வரும் என்பதால் 30BA-தான் என் தேர்வு.

நன்னீரில் ஒரு மீட்டருக்கு அழுத்தம் 98.07 மில்லிபார் கூடும். ரோபோ நீருக்கு வெளியே இருக்கும்போதே காற்றழுத்தத்தை `p0` என்று எடுத்து வைத்துவிடுங்கள். நீருக்குள் வைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால் அந்த ஆழமே பூஜ்யமாகிவிடும்.

வேகத்தைக் கணக்கிடும்போது ஒரு கவனம் வேண்டும். விநாடிக்கு 20 முறை படிக்கிறோம் என்றால், 2 மி.மீ. தாவல் ஒன்றே விநாடிக்கு 4 செ.மீ. வேகமாகத் தெரியும். அதை அப்படியே கொடுத்தால் த்ரஸ்டர் நடுங்கும். அதனால் கீழே உள்ள கோடில் வேகத்தை வடிகட்டித்தான் சேர்த்திருக்கிறேன்.

படி 2: எடை கட்டுவது (என்னைத் தடுக்கிய இடம்)

மிதக்கவும் கூடாது, மூழ்கவும் கூடாது, விட்ட இடத்தில் நிற்க வேண்டும் என்று நட்டு நட்டாகச் சேர்த்து எடையைச் சமப்படுத்தினேன். அதுதான் தவறு.

ரோபோவின் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தபோது புரிந்தது. என் இ.எஸ்.சி.க்கு 1500 என்றால் நிறுத்தம். கீழ்நோக்கித் தள்ள 1532-ல்தான் மோட்டார் அசையத் தொடங்கும், மேல்நோக்கி 1466-ல். நடுவில் இருக்கும் 66 மைக்ரோ விநாடியில் என்ன கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது. எடை சரிசமமாக இருக்கும் ரோபோவுக்குத் தேவைப்படும் விசை பூஜ்யம். ஆக, அது நிற்க வேண்டிய புள்ளியே இந்தச் செத்த பகுதியின் நடுவில் விழுகிறது. ரோபோ மெல்ல நழுவும், கட்டளை 1510, 1520, 1528 என்று ஏறிக்கொண்டே போகும், த்ரஸ்டர் சும்மா இருக்கும். பிறகு ஒரே உதையில் கிளம்பும், ரோபோ இலக்கைத் தாண்டிவிடும். அடுத்து மறுபக்கம் இதே கதை.

இந்தப் பகுதியைக் கோடில் தாண்டிக் குதிக்க வைத்தும் பார்த்தேன். பாதிதான் சரியானது. சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் திசை மாற வேண்டுமென்றால் நின்று, திரும்பக் கிளம்ப வேண்டும். அந்தத் தடுமாற்றத்தைக் கோடால் போக்க முடியாது.

தீர்வு, ரோபோவைக் கொஞ்சம் மிதக்க விடுவது. அப்போது த்ரஸ்டர் எந்நேரமும் கீழ்நோக்கி மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். மேலே வர வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்தாலே போதும், திசை மாறவே தேவையில்லை. மின்சாரம் போனாலும் ரோபோ தானாக மேலே வந்துவிடும்.

எவ்வளவு மிதக்க வேண்டும்? மோட்டார் திக்கித் திணறாமல் ஓடும் குறைந்தபட்ச வேகத்தில் தரும் விசையைவிடக் கொஞ்சம் அதிகமாக. அதை அளக்கும் வழி இது: ரோபோவை முதலில் சமமாக நிற்கும்படி கட்டுங்கள். இரண்டு த்ரஸ்டரையும் அந்தக் குறைந்த வேகத்தில் (எனக்கு 1540) கீழ்நோக்கி ஓட விடுங்கள். இனி, ரோபோ மூழ்காமல் நிற்கும்வரை எடையைக் கழற்றுங்கள். எனக்கு 35 கிராம் மிதவை வந்தது. நான் 60 கிராம் வைத்தேன்.

கழற்றும் இரும்பின் எடையும் மிதவையும் ஒன்றல்ல. நீருக்குள் இரும்பு தன் எடையில் 13 சதவீதத்தை இழக்கும். எனவே 60 கிராம் மிதவை வேண்டுமென்றால் 69 கிராம் இரும்பைக் கழற்ற வேண்டும்.

அளப்பதற்கு முன் ரோபோவை நீருக்குள்ளேயே எல்லாப் பக்கமும் சாய்த்துக் குலுக்குங்கள். சட்டத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழி எல்லாக் கணக்கையும் கெடுக்கும். 20 மி.லி. காற்று 10 மீட்டர் ஆழத்தில் பாதியாகச் சுருங்கும், 10 கிராம் மிதவை போய்விடும். மென்மையான நுரைக்கட்டையிலும் இதே சிக்கல் உண்டு. கையால் அழுத்தினால் அமுங்குகிறது என்றால் அதை விட்டுவிடுங்கள்.

படி 3: விசையைப் பங்கிடுவது

என் ரோபோவின் முன் த்ரஸ்டர் எடைமையத்திலிருந்து 14 செ.மீ., பின் த்ரஸ்டர் 10 செ.மீ. தள்ளி இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே விசை கொடுத்தால் மூக்கு கீழே சாயும். அதனால் முன்னதற்கு 10/14, அதாவது 0.71 பங்குதான்.

இந்தப் பங்கை விசையில் போட வேண்டும், துடிப்பு அகலத்தில் அல்ல. விசை ஏறக்குறைய கட்டளையின் வர்க்கத்தைப் போல ஏறுவதால், பங்கிட்ட பிறகு வர்க்கமூலம் எடுக்கிறேன். வரம்பு கட்டுவதும் பங்கிடுவதற்கு முன்புதான். பிறகு கட்டினால் ஒரு த்ரஸ்டர் மட்டும் உச்சியில் முட்டி நிற்க, மூக்கு திரும்பச் சாயும்.

```cpp
depth = (p - p0) / 98.07;
vel += 0.2 * ((depth - last) / dt - vel);
last = depth;
float err = target - depth;
float raw = UH + KP*err + KI*integ - KD*vel;
float u = constrain(raw, 0.014, 1.0);
if (raw == u) integ += err * dt;
rear  = 1500 + 400 * sqrt(u);
front = 1500 + 400 * sqrt(0.71 * u);
```

`UH` என்பது 60 கிராம் மிதவையை அடக்கிவைக்கத் தேவையான அளவு. எனக்கு 0.020, அதாவது பின்னால் 1557, முன்னால் 1548. அடிவரம்பு 0.014-ல் முன் மோட்டார் சரியாக 1540-ல் ஓடும், எனவே எதுவும் நிற்காது. அந்த வரம்பில் முட்டும்போது `integ` வளராமல் நிறுத்தும் வரியை விட்டுவிடாதீர்கள். மேலே வர நமக்கு இருப்பது சில கிராம் மிதவை மட்டுமே, மெதுவாகத்தான் வரும். அதற்குள் `integ` வளர்ந்துவிட்டால் ரோபோ இலக்கைத் தாண்டி மேலேறிவிடும்.

`KP` 0.25, `KD` 0.35, `KI` 0.03 என்று தொடங்குங்கள். `KI`-யைப் பூஜ்யமாக வைத்து முதலில் ஓட்டிப் பாருங்கள். ரோபோ இலக்குக்கு மேலேயே அசையாமல் நின்றால் `UH` குறைவு. கீழேயே நின்றால் அதிகம். அது சரியான பிறகு `KI`-க்கு வேலை மிகக் குறைவு. இப்போது என் ரோபோ 80 செ.மீ.யில் 2 செ.மீ.க்குள் நிற்கிறது.

பின்சேர்க்கை: கடல்நீர்

தொட்டியில் நன்றாக நின்ற ரோபோ கடலில் இறங்கவே மறுக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். கடல்நீர் லிட்டருக்கு சுமார் 25 கிராம் கனம் அதிகம். 4.2 லிட்டர் இடத்தை அடைக்கும் என் ரோபோவுக்கு அதனால் 105 கிராம் மிதவை கூடும், சுமார் 120 கிராம் இரும்பு சேர்க்க வேண்டும். 98.07 என்ற எண்ணும் 100.5 ஆக வேண்டும்.

பின்சேர்க்கை 2: முன்னால் ஓட்டும்போது

நிற்கும்போது ஒழுங்காக இருக்கிறது, முன்னால் போகும்போது மட்டும் மேலேறுகிறது என்று இன்னொருவர் கேட்டார். அவருடைய சென்சார் முன்முகத்தில், நீரோட்டத்தை நேராகப் பார்த்தபடி இருந்தது. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் எதிர்நீர் 5 மில்லிபார் கூடுதலாக அழுத்தும். சென்சார் அதை 5 செ.மீ. ஆழமாக எண்ணிக்கொள்ளும், ரோபோ அந்த அளவு மேலே போகும். சென்சாரைப் பின்பக்கம், த்ரஸ்டர் நீர் படாத மறைவில் மாற்றச் சொன்னேன். மாற்றியதும் ஏற்றம் 1 செ.மீ.க்குக் கீழ் வந்துவிட்டது என்று பதில் வந்தது.