சீல் அடிக்கச் சொல்லி எழுதாதீர்கள்: திறப்பு வாங்கும் நாளில் விடும் தவறுகள்

திருகோணமலை உப்புவெளியில் மச்சான் கட்டிய வீட்டை, வேலையைக் கொந்தராத்து எடுத்த பாஸ் ஓகஸ்ட் மாதம் கையளித்தார். வெயில் கொளுத்துகிற காலம், எந்தச் சுவரும் எந்தச் சிலாப்பும் நல்லதாகத்தான் தெரியும். கொப்பி ஒற்றை ஒன்றில் பதினொரு குறை எழுதிக் கொடுத்தோம். அதில் நாலாவது, "குசினிக்கு மேல் சிலாப் லீக் வராமல் சீல் அடிக்க வேண்டும்". பாஸ் இரண்டு நாளில் ஏதோ ஒரு பூச்சைத் தடவிவிட்டு வந்தார், மச்சானும் மிச்சக் காசைக் கொடுத்து முடித்தார். நவம்பரில் மாரி தொடங்கி மூன்றாம் நாள் குசினிக் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ஈரவட்டம். கூப்பிட்டுச் சொன்னால், "நீங்க எழுதினதைத்தானே தம்பி செய்து தந்தன்" என்கிறார். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

எங்கள் பிழை அந்த ஒரு வரியில்தான். குறையை எழுதாமல் வைத்தியத்தை எழுதிவிட்டோம். சீல் அடி என்றோம், அடித்தார், முடிந்தது. லீக் வந்ததோ சிலாப்பைத் துளைத்து இறங்கும் பைப்பைச் சுற்றி. அங்கே மேலே எத்தனை பூச்சு தடவினாலும் நிற்காது. எப்படித் திருத்துவது என்பது பாஸின் தலைவலி. நாங்கள் எழுத வேண்டியது எங்கே, என்ன, எப்படிச் சோதித்தால் சரி என்று ஒப்புக்கொள்வோம் என்ற மூன்றும்தான். அதே வரியை இப்படி எழுதியிருக்கலாம்: "குசினிக்கு மேல் சிலாப்: வடிகால் வாயை அடைத்து ஒன்றரை அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணித்தியாலம் விட வேண்டும். கீழே கூரையிலும் பைப்பைச் சுற்றியும் ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் திருத்தி, திரும்பவும் இதே சோதனை." தண்ணீர் மட்டம் குறைகிறதா என்று மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், எங்கள் ஊர் வெயிலில் அது ஆவியாகியும் குறையும். பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

பாத்ரூமும் இப்படித்தான். "டைல்ஸ் சரியில்லை" என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "மேல்மாடி பாத்ரூம், கதவிலிருந்து இரண்டாவது வரிசையில் இடது சுவரோரம் மூன்று டைல், நாணயத்தால் தட்டினால் வெற்றுச் சத்தம், ஷவருக்குக் கீழே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் மூலையில் குளமாக நிற்கிறது" என்று எழுதி, அந்த டைல்களில் பென்சிலால் இலக்கமும் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். பூச்சு வேலையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் போதாது, இரவில் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால்தான் மேடு பள்ளம் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். இவ்வளவையும் சாமான் ஏற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும். பால் காய்ச்சி அலுமாரியை இழுத்த பிறகு கீறல் காட்டினால், அது யார் கீறியது என்று சண்டைதான் வரும்.

சரி, காசுக்கு வருவோம். அறுபது லட்சம் ஒப்பந்தத்தில் மச்சான் கையில் கடைசியாக மிஞ்சியிருந்தது நாற்பதாயிரம். டைல்ஸ் ஒட்டும்போதே, பெயின்ட் வாங்க வேண்டும் என்று அட்வான்ஸ் அட்வான்ஸாகப் போய்விட்டது. அந்த நாற்பதாயிரமாவது கையில் இருந்தால் பாஸ் வந்திருப்பாரா என்றால், அதுவும் சந்தேகம். பைப்பைச் சுற்றி உடைத்துத் திருத்தவே அதைவிடக் கூட முடியும், அவருக்கும் கணக்குத் தெரியும்.

பெரிய கொந்தராத்துகளில் ஐந்து சதவீதம் அளவு பிடித்துவைத்து, பாதியைக் கையளிக்கும்போதும் மீதியைக் குறைதிருத்தும் காலம் முடிந்த பிறகும் விடுவது வழக்கம், அந்தக் காலம் பெரும்பாலும் ஒரு வருடம். வீட்டு வேலைக்கும் இதை எடுக்கலாம், ஆனால் வேலை தொடங்கும் முன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், கடைசி நாளில் புதுச் சட்டம் போட்டால் பாஸ் ஏன் கேட்கப்போகிறார்? அறுபது லட்சத்துக்கு மூன்று லட்சம். ஒன்றரை லட்சம் பட்டியலில் உள்ள குறைகள் திருந்தி, இருவரும் சேர்ந்து பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் திகதி போட்டு ஒப்பமிட்டதும். மற்ற ஒன்றரை லட்சம் ஒரு மாரி கழிந்த பிறகு, பெப்ரவரி கடைசி என்று திகதியோடு. திருகோணமலையில் சிலாப்பைச் சோதிப்பது வடகீழ்ப் பருவமழைதான், ஓகஸ்டில் கொடுத்த வீட்டுக்கு ஓகஸ்டிலேயே முழுக்காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு கதவுப் பிடி ஆடுகிறது என்பதற்காக மூன்று லட்சத்தையும் பிடித்து வைக்காதீர்கள். அவருக்கும் மேசன்மாருக்குக் கூலி கொடுக்க வேண்டும், கோபத்தில் வேறு சைட்டுக்குப் போய்விடுவார். ஒவ்வொரு குறைக்கும் வேறொரு பாஸைக் கேட்டால் என்ன எடுப்பார் என்று விசாரித்து, அதற்குக் கொஞ்சம் மேலே பக்கத்தில் எழுதுங்கள், திருந்தத் திருந்த அந்தத் தொகையை விடுங்கள்.

மச்சான் கடைசியில் வேறு ஆளைப் பிடித்து, பைப்பைச் சுற்றி உடைத்து, கொங்கிறீட் அடைத்துத் திருத்தினார். இந்த முறை தண்ணீர் கட்டிய அன்றிரவு குசினியில் பாய் போட்டு, கூரையைப் பார்த்தபடியே படுத்தார்.