வாழ்த்து மெயிலில் எங்கே சறுக்குகிறோம்

இன்டர்வியூ முடிந்து பத்து நாளாகிறது, பதில் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, அந்தக் கம்பெனி ஆற்காட்டில் புதிய கிளை திறக்கப்போகிறது என்று பேப்பரில் செய்தி வருகிறது. வாழ்த்துச் சொல்லி, அப்படியே வேலையையும் நினைவூட்ட நல்ல சந்தர்ப்பம்தான். ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கும் எனக்கு இப்படி நிறைய மெயில் வரும். காட்பாடி அலுவலகத்தில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு இன்டர்வியூ வந்த ஒரு தம்பி எழுதியது இது:

“சார், வேலூர் மாவட்டம் ஆற்காட்டில் புதிய கிளை திறந்ததற்கு வாழ்த்துகள். உங்கள் உழைப்பால்தான் கம்பெனி இவ்வளவு உயர்ந்திருக்கிறது. அங்கே ஆள் தேவைப்படும், எனக்கு ஏதாவது ஒரு வேலை கொடுங்கள்.”

கிளை இன்னும் திறக்கவே இல்லை, அறிவிப்புதான் வந்திருந்தது. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. பில்லிலும் முகவரியிலும் தினமும் கண் வைக்கிற அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு முதலில் இதுதான் உறுத்தும். அப்புறம் அந்தப் புகழ்ச்சி: இன்டர்வியூ எடுத்தவர் கணக்குப் பிரிவு மேனேஜர், கிளை திறப்பதில் அவருக்குப் பங்கே இல்லை, படிக்கும்போது அவருக்கே கூச்சமாகிவிடும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பெரிய தவறு “ஏதாவது ஒரு வேலை” என்றதுதான். காட்பாடி வேலைக்கு அவர் பெயர் இன்னும் பரிசீலனையில் இருந்தது. இந்த வரியைப் படித்தவர்கள், இவருக்கு அந்த வேலையில் பெரிய பிடிப்பில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, எப்போது ஆள் எடுப்பார்கள் என்றே தெரியாத புதிய கிளையின் பட்டியலுக்கு அவர் விண்ணப்பத்தை மாற்றிவிட்டார்கள். வாழ்த்தப் போய், கையில் இருந்த வாய்ப்பைத் தானே தள்ளி வைத்த மாதிரி ஆகிவிட்டது, எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அவர் இப்படி எழுதியிருக்கலாம்:

“வணக்கம் சார். ஆற்காட்டில் கிளை தொடங்கப்போவதாகப் படித்தேன், வாழ்த்துகள். 12-ஆம் தேதி அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் இன்டர்வியூவில், கிளைகளுக்கு இடையே போகும் சரக்கின் கணக்கை எப்படி ஒத்துப்பார்ப்பேன் என்று கேட்டீர்கள். இன்னொரு கிளை வந்தால் அந்த வேலை கூடும் என்று நினைக்கிறேன். காட்பாடியில் அதைச் செய்ய இப்போதும் ஆர்வமாக இருக்கிறேன்.”

வாழ்த்து ஒரே வரி, அதிலிருந்து நேராக இன்டர்வியூவில் பேசிய விஷயத்துக்கு வந்துவிடுகிறது, எந்த வேலை, எந்த ஊர் என்பதும் மாறவில்லை. இதைப் புது மெயிலாக அனுப்பாமல், இன்டர்வியூவுக்கு அழைத்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள், யார் எழுதுகிறார் என்று அவர்கள் தேட வேண்டியிருக்காது. மேனேஜரின் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு மட்டும் வேண்டாம்.

விருதுச் செய்தி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும், விருது யாருக்கு, எந்த வருடத்துக்கு என்று. ஒரே குழுமத்தில் ஷூ தைக்கும் யூனிட் தனி, தோல் பதனிடும் யூனிட் தனி என்று இருக்கும். பக்கத்து யூனிட் வாங்கிய விருதுக்கு இவர்களை வாழ்த்தினால் செய்தியின் தலைப்பை மட்டும் படித்தது தெரிந்துவிடும்.