இன்வெர்ட்டருக்கு ஒரு லோ வோல்டேஜ் விளக்கு: டிரான்ஸ்ஃபார்மர் வழியாக லைனை அளத்தல்

மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி போன்ற ஊர்களில் லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு, மாலையில் எல்லா வீடுகளிலும் மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கிவிடுவதுண்டு. லைன் 170 வோல்ட்டுக்குக் கீழே போனதும் எரிந்து, மீண்டும் நன்றாக ஏறிய பிறகே அணையும் ஒரு எல்.இ.டி. விளக்கை 12 வோல்ட் இன்வெர்ட்டரில் அமைக்கும் முறையை இங்கே பார்க்கலாம். 170 என்பது நான் தேர்ந்துகொண்ட எல்லை. வேறு எல்லை வேண்டுவோர் அதே கணக்கில் அந்த எண்ணை இட்டுக்கொள்ளலாம்.

படி 1: டிரான்ஸ்ஃபார்மரை அளந்து பார்த்தல்

230 வோல்ட்டை 9 வோல்ட்டாக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போதும். முழுச் சுமையில் தரும் அளவுதான் அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கும். சுமை இல்லாதபோது சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் அதைவிடக் கணிசமாக அதிகம் தரும் என்பதால், லைன் வோல்டேஜையும் வெளிவரும் வோல்டேஜையும் மல்டிமீட்டரில் அடுத்தடுத்து அளந்து விகிதத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 230 வோல்ட்டுக்கு 11 வோல்ட் வருவதாகக் கொண்டால் கணக்கு இப்படி அமையும்:

```
170 × 11 ÷ 230 = 8.13
8.13 × 1.414 = 11.5
11.5 − 1.2 = 10.3
```

கடைசி வரியில் கழித்த 1.2, பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் இரண்டு டையோடுகளில் இழக்கப்படுவது. ஆக, லைன் 170-இல் இருக்கும்போது கெப்பாசிட்டரில் 10.3 வோல்ட் நிற்கும்.

இந்த டிரான்ஸ்ஃபார்மர் அளப்பதற்கு மட்டுமே. சுற்றுக்குத் தேவையான மின்சாரத்தையும் இதிலிருந்தே எடுத்தால், விளக்கு எரியும்போதும் அணையும்போதும் சுமை மாறி அளவும் சேர்ந்து மாறும். ஆகவே அந்த மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும். பிரைமரியை, ஒரு ஃபியூஸ் வழியாக, சேஞ்ச்ஓவர் ரிலேக்கு முன்னால், லைன் நுழையும் இடத்தில் இணைக்க வேண்டும். ரிலேக்குப் பின்னால் இணைத்தால் இன்வெர்ட்டர் தானே உண்டாக்கும் வோல்டேஜை அளந்து, லைன் நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும்.

படி 2: வடிகட்டிப் பங்கிடுதல்

நான்கு 1என்4007 டையோடுகளுக்குப் பின் 47 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டரை இணைக்கவும். அதன் நெகட்டிவ், பேட்டரியின் நெகட்டிவோடு சேர வேண்டும். பாசிட்டிவிலிருந்து 6.8 கிலோ ஓம், 2 கிலோ ஓம் பிரீசெட், 1.5 கிலோ ஓம் ஆகியவற்றை வரிசையாக நெகட்டிவ் வரை இணைத்தால், 10.3 வோல்ட்டில் பிரீசெட்டின் நடுக்காலில் 1.5 முதல் 3.5 வோல்ட் வரை எடுக்கலாம்.

படி 3: ஒப்பிடுதல்

எல்.எம்.393-இன் மைனஸ் உள்ளீட்டுக்கு டி.எல்.431 தரும் 2.5 வோல்ட்டைக் கொடுக்கவும், டி.எல்.431-ஐ பேட்டரியோடு இணைக்க 4.7 கிலோ ஓம் போதும். பேட்டரி வோல்டேஜையே ஒப்பீட்டு அளவாக வைத்தால், பேட்டரி இறங்க இறங்க எல்லையும் இறங்கிவிடும். பிரீசெட்டின் நடுக்காலை 10 கிலோ ஓம் வழியாகப் பிளஸ் உள்ளீட்டுக்குக் கொண்டுவந்து, வெளியீட்டிலிருந்து அதே உள்ளீட்டுக்கு 560 கிலோ ஓம் போடவும். இந்த ஒற்றை ரெசிஸ்டர்தான் எரியும் எல்லைக்கும் அணையும் எல்லைக்கும் இடையே ஏறத்தாழ 16 வோல்ட் இடைவெளி தருகிறது. இது இல்லையென்றால் 170-ஐ ஒட்டி லைன் ஆடும்போது விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். வெளியீட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே 10 கிலோ ஓம் ஒன்றும், அதற்கு இணையாக 2.2 கிலோ ஓமோடு எல்.இ.டி.யும் வர வேண்டும்.

படி 4: எல்லையை அமைத்தல்

வேரியாக் இருந்தாலும், அது லைனிலிருந்து பிரித்துத் தராது என்பதால், தொடக்கநிலையினருக்கு நான் வேறு வழியையே சொல்வேன். டிரான்ஸ்ஃபார்மரை லைனிலிருந்து கழற்றிவிட்டு, கெப்பாசிட்டருக்கு மாற்றக்கூடிய டி.சி. சப்ளையிலிருந்து முதலில் 13 வோல்ட் கொடுத்து, பிறகு மெதுவாக 10.3-க்கு இறக்கவும். அந்த இடத்தில் விளக்கு எரியத் தொடங்கும்படி பிரீசெட்டைத் திருப்பவும். மீண்டும் ஏற்றும்போது 11.4 அருகே, அதாவது லைன் 186-இல் இருக்கும் நிலையில், விளக்கு அணைய வேண்டும்.

பிறகு லைனில் இணைத்துச் சரிபார்க்கவும். மீட்டர் 220 காட்டினால் கெப்பாசிட்டரில் 13.7 இருக்க வேண்டும். அலையின் உச்சி தட்டையாக இருக்கும் லைனிலும் ஜெனரேட்டரிலும் இது குறைவாக வரும், ஏனெனில் இந்தச் சுற்று அலையின் உச்சியை மட்டுமே பார்க்கிறது. கரண்ட் முழுவதும் போனாலும் இதே விளக்கு எரியும்.

கடலோரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உப்புக் காற்று திறந்த பிரீசெட்டின் நடுக்கால் தொடர்பை அரித்துவிடும். அது விட்டுப்போனால் 560 கிலோ ஓம் பழைய நிலையையே பிடித்துக்கொள்ள, லைன் எவ்வளவு இறங்கினாலும் விளக்கு அணைந்தபடியே இருக்கும். போர்டின் மேல் படியும் உப்பும் அந்தப் பெரிய ரெசிஸ்டருக்கு இணையாகக் கசிந்து இடைவெளியை மாற்றும். ஆகவே மூடிய பலசுற்றுப் பிரீசெட்டை வாங்கி, எல்லையை அமைத்து முடித்த பின் போர்டின் இரு பக்கமும் இன்சுலேட்டிங் வார்னிஷ் பூசவும். சில மாதங்களுக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபார்மரின் பிளக்கை மட்டும் கழற்றிப் பார்க்கவும். விளக்கு உடனே எரியாவிட்டால் முதலில் பிரீசெட்டைச் சோதிக்க வேண்டும்.