சீரம் பாட்டிலும் ஒரு சொட்டும்: வீட்டு ஜன்னலோரத்தில் படம் எடுப்பது எப்படி?

ஃப்ராஸ்டட் கண்ணாடி பாட்டில், பக்கத்தில் டிராப்பர், அதன் நுனியில் மின்னும் ஒரு சொட்டு, கீழே வெறும் கல். சீரம் விற்பவர்கள் எல்லோரும் கேட்கும் படம் இது. புதிதாக எடுப்பவர்கள் பெரும்பாலும் சொட்டின் மேல் நேராக விளக்கை அடிக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒரு வெள்ளைப் புள்ளிதான் கிடைக்கும். சொட்டு ஒரு குட்டி லென்ஸ். தனக்குப் பின்னால் இருப்பதைத்தான் அது தலைகீழாகக் காட்டும். அதனால் நாம் ஒளியூட்ட வேண்டியது சொட்டுக்கு அல்ல, அதன் பின்னணிக்கு.

வெயில் நேராக விழாத ஜன்னலுக்கு முன் மேசையைப் போட்டு, கேமரா ஜன்னலைப் பார்க்கும்படி நில்லுங்கள். ஜன்னல் சட்டத்தில் டிரேசிங் பேப்பரையோ பட்டர் பேப்பரையோ ஒட்டினால் வெளியே இருக்கும் கம்பியும் மரமும் மறைந்து, ஒரே சீரான வெள்ளை கிடைக்கும். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு ஒளி கலந்தால் கண்ணாடியின் வெள்ளை ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் போய்விடும்.

கல்லுக்கு ஒரு கடப்பா துண்டு போதும். பாலிஷ் போட்ட பக்கம் ஜன்னலையே கண்ணாடிபோல் காட்டும். திருப்பிச் சொரசொரப்பான பக்கத்தை மேலே வையுங்கள். பின்னாலிருந்து தாழ்வாக வரும் ஒளி அதன் மேடுபள்ளங்களில் சின்னச் சின்ன நிழல்களை விழச் செய்யும். கல்லின் அழகு அந்த நிழல்களில்தான் இருக்கிறது.

அடுத்தது பாட்டில். ஃப்ராஸ்டட் கண்ணாடியின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பால் ஆனது. ஒளி அதில் பட்டுச் சிதறுவதால்தான் பால்போல வெளுத்துத் தெரிகிறது. விரலின் எண்ணெய் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிட்டால், அந்த இடத்தில் மட்டும் சிதறல் குறைந்து ஈரம் பட்டதுபோல் ஒரு திட்டு விழும். கண்ணுக்கு லேசாகத் தெரிவது படத்தில் பளிச்சென்று நிற்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். அச்சிட்ட எழுத்தின் மேல் மட்டும் துணி படக் கூடாது, சில பாட்டில்களில் மை கரைந்துவிடும். அதன்பின் பருத்திக் கையுறை இல்லாமல் பாட்டிலைத் தொட வேண்டாம்.

இனி சொட்டு. தண்ணீர் போன்ற சீரம் நுனியில் நிற்காமல் விழுந்துவிடும். மருந்துக்கடை கிளிசரினையும் தண்ணீரையும் சரிபாதி கலந்தால் சொட்டு நிதானமாக நிற்கும், சீக்கிரம் உலர்ந்தும் போகாது. கலக்கும்போது குமிழ் வந்தால், அடங்கும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். சீரம் வெளிர் மஞ்சளாக இருந்தால் ஒரு துளி தேயிலைச் சாற்றால் அந்த நிறத்துக்குக் கொண்டுவரலாம். விற்பனைப் படம் என்றால் உண்மையான சீரமின் நிறத்தைத் தாண்டக் கூடாது. வைட்டமின் சி சீரம் காற்றுப் பட்டால் நாளடைவில் பழுப்பேறும், ஆகவே புதுப் பாட்டிலைப் பார்த்தே நிறத்தை ஒப்பிடுங்கள்.

டிராப்பரைக் கையில் பிடிக்காதீர்கள். இன்னொரு ஸ்டாண்டில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். ரப்பரை அழுத்திச் சொட்டை வரவைத்தால் எல்லாம் ஆடும். ஒரு சிரிஞ்சில் கலவையை எடுத்து, நுனியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே வந்தால், விழும் கட்டத்துக்குச் சற்று முன்பே நிறுத்தலாம். சொட்டு, பாட்டிலின் எழுத்துள்ள முன்பக்கம், இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். ஒன்று முன்னால் வந்தாலும் மற்றது மங்கிவிடும்.

ட்ரைபாட் கட்டாயம். கேமராவில் அப்பர்ச்சரை f/11-இல் வைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு எடுங்கள். போன் என்றால் மிக நெருங்காமல் தள்ளி நின்று 2x-இல் எடுங்கள். ஒட்டி நின்றால் பல போன்கள் தாமாகவே அகலமான லென்ஸுக்கு மாறி, பாட்டிலின் வடிவத்தை வளைத்துவிடும். சொட்டைத் தொட்டு ஃபோகஸ் செய்து, அதன் வெள்ளை விவரமே இல்லாமல் வெளுத்துப்போகாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள்.

முதல் படத்தைப் பெரிதாக்கிச் சொட்டை மட்டும் பாருங்கள். நடு வெளிச்சமாகவும், மேல் ஓரத்தில் கல்லின் கருமை தலைகீழாகவும் தெரிய வேண்டும். பக்க ஓரங்கள் வெள்ளையில் கரைந்துபோயிருந்தால், படத்தின் சட்டகத்துக்குச் சற்று வெளியே, சொட்டுக்குப் பின்னால் இருபக்கமும் கறுப்பு சார்ட் அட்டைப் பட்டைகளை நிறுத்துங்கள். சொட்டைச் சுற்றி மெல்லிய கருங்கோடு எழும். பாட்டிலின் விளிம்பும் அதே பட்டைகளால் கூர்மையாகும். எழுத்து இருட்டாக இருந்தால் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பாட்டிலை நோக்கிச் சாய்த்துவைத்தால் போதும். அட்டைகளை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் சொட்டின் முகம் மாறும், அதனால் நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.