இடப்பக்கம் சாய்த்தால் மூக்கு ஏன் வலப்பக்கம் போகிறது? எய்லரானும் ரடரும் சேர்ந்து திரும்பும் முறை

கார் ஓட்டிப் பழகியவருக்கு விமானத்தின் யோக்கைப் பார்த்ததும் ஸ்டியரிங் ஞாபகம்தான் வரும். ஆனால் யோக்கை இடப்பக்கம் சுழற்றினால் விமானம் இடப்பக்கம் சாயும், அவ்வளவுதான். அந்தச் சாய்வுதான் பிறகு அதைத் திருப்புகிறது. சாயத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடியில் மூக்கு எதிர்ப்பக்கம், அதாவது வலப்பக்கம், விலகப் பார்க்கும். இதற்குப் பெயர் அட்வெர்ஸ் யோ.

காரணம் சிறகுகளில் இருக்கிறது. ஒவ்வொரு சிறகின் பின்விளிம்பிலும் எய்லரான் என்ற அசையும் பலகை உண்டு. இடப்பக்கம் சாய்க்கும்போது இடது எய்லரான் மேலே எழும், வலது எய்லரான் கீழே இறங்கும். வலது சிறகுக்குத் தூக்குவிசை கூடுவதால் அது உயர்கிறது. தூக்குவிசை கூடினால் அதனோடு சேர்ந்து வரும் இழுவையும் கூடும். அதோடு, உயரும் சிறகுக்குக் காற்று சற்று மேலிருந்து வருவதுபோல் படுவதால் அதன் தூக்குவிசை கொஞ்சம் பின்னோக்கிச் சரியும். இறங்கும் சிறகில் முன்னோக்கிச் சரியும். ஆக வலது சிறகு பின்தங்க, மூக்கும் அந்தப் பக்கம் போகிறது. ரைட் சகோதரர்கள் 1901 கிளைடரில் இதைத்தான் சந்தித்தார்கள். 1902 கிளைடரில், மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகையான ரடரை அசையும்படி வைத்து, சிறகை முறுக்கும் கம்பிகளோடு அதை இணைத்தார்கள்.

இனிச் செய்து பார்ப்போம். இரத்மலானையிலிருந்து செஸ்னா 152 என்ற சிறு பயிற்சி விமானத்தில், பயிற்றுநரோடு, கடலுக்கு மேலே இருக்கிறீர்கள் என்று வையுங்கள். வேகம் 80 நொட், திசை 270 பாகை, அதாவது நேர் மேற்கு. எதிரே கடல்தான், அடிவானம் நேர்கோடாகத் தெரியும். இந்தப் பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. இடப்பக்கம் 90 பாகை திரும்பி, பாணந்துறைப் பக்கமாக 180க்கு, அதாவது நேர் தெற்குக்கு, வர வேண்டும்.

படி 1: தவறாகச் செய்து பாருங்கள். அடிவானத்தில் ஒரு கப்பலையோ மேகத்தையோ குறி வையுங்கள். கால்களைத் தரையில் வைத்துக்கொண்டு யோக்கைச் சற்று வேகமாக இடப்பக்கம் சுழற்றுங்கள். மூக்கு முதலில் குறிக்கு வலப்பக்கம் நழுவி, பிறகுதான் மனமில்லாமல் இடப்பக்கம் வரும். மெதுவாகச் சுழற்றினால் இது தெரியாமலே போகலாம். மேலெழும் எய்லரான் கூடுதலாகவும் கீழிறங்குவது குறைவாகவும் அசையும்படி வடிவமைத்து, இந்த விமானத்தில் குறையைப் பெருமளவு அடக்கி வைத்திருக்கிறார்கள்.

படி 2: கையும் காலும் ஒன்றாக. நேராக வந்து, இடப்பக்கம் வெளியே பார்த்து, வழி வெறுமையா என்று உறுதி செய்யுங்கள். இம்முறை யோக் இடப்பக்கம் நகரும் அதே கணத்தில், ரடரை அசைக்கும் இடது பெடலையும் அழுத்துங்கள். கை முந்தவும் கூடாது, கால் முந்தவும் கூடாது. சரியாகச் செய்தால் மூக்கு பின்வாங்காது. சாய்வு ஏற ஏற இடப்பக்கமாக நகரத் தொடங்கும். எவ்வளவு அழுத்துவது என்பதற்கு அளவு கிடையாது. யோக்கை அதிகம் சுழற்றினால் காலும் அதிகம் வேண்டும். வேகம் குறைந்தாலும் அப்படியே.

படி 3: சாய்வு 20 பாகை வந்ததும் விடுங்கள். யோக்கை நடுவுக்குக் கொண்டு வாருங்கள், காலையும் தளர்த்துங்கள். கனபேர் தடுமாறுவது இங்கேதான்: திருப்பம் முழுவதும் பெடலை மிதித்தபடியே இருப்பார்கள். சாய்வது நின்றதும் அட்வெர்ஸ் யோவும் ஏறக்குறைய போய்விடும். பிறகும் மிதித்தால் வால் வெளிப்பக்கம் வழுக்கும்.

கருவிப் பலகையில், வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஓடும் குண்டைப் பாருங்கள். இடப்பக்கத் திருப்பத்தில் குண்டு இடப்பக்கம் கிடந்தால் இடது ரடர் போதவில்லை. வலப்பக்கம் போனால் இடது ரடர் கூடிவிட்டது. குண்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் காலை அழுத்துங்கள். ஆனால் குண்டையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கண் வெளியே, மூக்கில் இருக்கட்டும். இருக்கையில் உடம்பு ஒரு பக்கம் சரிகிறதா என்பதும் இதையேதான் சொல்லும்.

படி 4: நிமிர்த்தும்போதும் கால் வேண்டும். 80 நொட்டில் 20 பாகை சாய்வுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 5 பாகை திரும்புவீர்கள். 90 பாகைக்கு 18 விநாடி போல ஆகும். சாய்வில் பாதி, அதாவது 10 பாகை, முன்னதாகவே நிமிர்த்தத் தொடங்க வேண்டும். ஆகவே 190இல் வலது யோக், கூடவே வலது பெடல். உள்ளே போகும்போது ஞாபகமாக மிதித்தவர்கூட வெளியே வரும்போது மறப்பார். "கால் எங்க தம்பி?" என்று பயிற்றுநர் கேட்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மறந்தால் சிறகு நிமிர்ந்த பிறகும் மூக்கு இடப்பக்கம் ஓடி 180ஐத் தாண்டிவிடும்.

ஏறும்போது இதே திருப்பத்தைச் செய்தால் கால் கணக்கு மாறும். முழு வலுவில் எஞ்சின் மூக்கை இடப்பக்கம் இழுப்பதால் வலது பெடல் ஏற்கெனவே அழுந்தியிருக்கும். அப்போது இடப்பக்கம் சாய்க்க, அந்த அழுத்தத்தைக் குறைத்தாலே பல வேளை போதும்.

ரடர் குறைந்த திருப்பம் அழகில்லாதது. தாழ்வாக, மெதுவாகப் பறக்கையில் ரடர் கூடிய திருப்பம் ஆபத்தானது. ஓடுபாதையை நோக்கிய கடைசி இடப்பக்கத் திருப்பத்தில் நேர்கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். சாய்வைக் கூட்டப் பயந்து இடது பெடலை மிதித்து மூக்கை இழுக்கிறீர்கள். வெளிச்சிறகு வேகம் பிடித்து உயர, சாய்வு தானாகக் கூடும். அதைத் தடுக்கக் கை வலப்பக்கம் யோக்கைத் திருப்பும். இப்போது உள்பக்கச் சிறகின் எய்லரான் கீழே இறங்கியிருக்கிறது. அந்தச் சிறகே முதலில் ஸ்டால் ஆகி, அதாவது தூக்குவிசையை இழந்து, விமானம் உள்பக்கமாகச் சுழன்று விழும். மீட்டெடுக்க அங்கே உயரம் இருக்காது. கையும் காலும் எதிரெதிராக நிற்பதை உணர்ந்தால், மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, காலைத் தளர்த்தி, சிறகுகளை நிமிர்த்தி, முழு வலுக் கொடுத்து மேலேறுங்கள். சுற்றி வந்து மீண்டும் இறங்கலாம்.