ஒரு ஸ்டார் ரிவ்யூவுக்குப் பதில் எழுதும்போது கெஸ்ட்டைப் பற்றி எழுதாதீர்கள்

போன வாரம் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தெரிந்த தம்பி ஒருவர் போனை என் கையில் கொடுத்தார். பள்ளங்கி பக்கம் பேரிக்காய்த் தோட்டத்துக்குள் மூன்று ரூம் ஹோம்ஸ்டே, ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. "அண்ணா, நேத்து ராத்திரி ஒருத்தருக்கு நல்லா குடுத்திருக்கேன், படிச்சுப் பாருங்க" என்றார். படித்தேன். ரெண்டு பேருக்கு புக் செய்துவிட்டு நாலு பேர் வந்தது, லேட்டாக வந்தது, பெட்ஷீட்டில் கறை ஆக்கியது என்று எல்லாவற்றையும் கூகுளில் ஊரறிய எழுதி வைத்திருந்தார். சில வருடங்களுக்கு முன்னால் என் காட்டேஜுக்கு வந்த ரிவ்யூவுக்கு நான் எழுதியதும் வரிக்கு வரி இதேதான்.

கெட்ட வார்த்தை எழுதாதீர்கள், சாதி, மொழி பேசாதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்லவர்களும் சரியென்று நினைத்துச் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கெஸ்ட்டின் கதையைப் பொதுவில் எடுத்து வைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஒரு டிசம்பரில் வந்த ரிவ்யூ இது: "சுடுதண்ணீர் இல்லை. கேட்டால் மரியாதை இல்லாத பதில். குடும்பத்தோடு போகாதீர்கள்." எனக்கு வந்த கோபத்தில் ராத்திரி பதினொன்றரைக்கு உட்கார்ந்து எழுதினேன்: "நாலு பேர் என்று சொல்லி ஆறு பேர் வந்தீர்கள். ராத்திரி ஒரு மணி வரை குடித்துவிட்டு ஆடினீர்கள். எல்லாம் எங்கள் சிசிடிவியில் பதிவாகியிருக்கிறது."

அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பதில் போட்டதும் கூகுள் அவருக்கு நோட்டிபிகேஷன் அனுப்பிவிடும், அவரும் உடனே பார்த்துவிட்டு தன் ரிவ்யூவைத் திருத்தி இன்னும் நாலு வரி சேர்த்தார். அது பெரிய நஷ்டம் இல்லை. பொங்கல் லீவுக்கு மதுரையிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார், ரெண்டு ரூம், மூணு நாள். எல்லாம் பேசி முடித்துவிட்டு, அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் கேட்டார்: "கேமரா எங்கெங்க வெச்சிருக்கீங்க?"

கேட்டில் ஒன்றே ஒன்றுதான் என்றேன். "அப்போ ராத்திரி ஒரு மணிக்கு ஆடினது எப்படிங்க தெரிஞ்சது?" என்றார். அவர்கள் ஆடியது கேட்டுக்குப் பக்கத்தில், கேம்ப்ஃபயர் போடுகிற இடத்தில். அதை எப்படி விளக்கினாலும் என் காதுக்கே திருட்டுத்தனமாகத்தான் கேட்டது. அவர் புக் செய்யவில்லை. அப்புறம் இன்னும் ரெண்டு பேர் அதையே கேட்டார்கள், கேட்காமலே பக்கத்து காட்டேஜைப் பார்க்கப் போனவர்கள் எத்தனை பேரோ.

அந்தப் பதிலை நான் ஒரு ஆளுக்காக எழுதினேன். படித்தவர்கள் எல்லாரும் புக் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு யார் பக்கம் நியாயம் என்பதில் அக்கறையே இல்லை. நாளைக்கு நமக்கும் ஒரு குறை இருந்து எழுதினால் இந்த ஓனர் நம்மைப் பற்றி என்னென்ன வெளியில் சொல்வார் என்றுதான் பார்க்கிறார்கள். எத்தனை பேர் வந்தார்கள், யாரோடு வந்தார்கள், என்ன குடித்தார்கள், எந்தத் தேதி, எந்த ஊர், இதெல்லாம் நம் ரிஜிஸ்டரோடு நிற்க வேண்டியவை. கெஸ்ட் தன்னைப் பற்றி ரிவ்யூவில் எழுதியதைத் தாண்டி ஒரு தகவல்கூட நம் பதிலில் வரக்கூடாது. இந்த ஒரு கோட்டை நான் இப்போது தாண்டுவதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அத்தனை பெரிய பதிலில் சுடுதண்ணீரைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேர்டேக்கர் அண்ணனிடம் பிறகுதான் உட்கார்ந்து விசாரித்தேன். எங்களுக்கு இருந்தது மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர். ரெண்டு நாளாக மூடுபனி, வெயிலே இல்லை, தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. அந்த மாதிரி நாளில் முந்தின ராத்திரியே கரண்ட் காயிலைப் போட்டுவைக்க வேண்டும், போடவில்லை. போட்டிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் ஆறு பேர் ஷவரில் குளித்தால் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். ஆக, அவர் எழுதிய குறை முழு உண்மை.

அதற்கு இன்று நான் எழுதினால் இவ்வளவுதான் எழுதுவேன்:

"நீங்கள் தங்கியபோது சுடுதண்ணீர் வராதது உண்மை, எங்கள் தவறு. வெயில் இல்லாததால் சோலார் சூடாகவில்லை, நாங்களும் கரண்ட் காயிலைப் போட்டுவைக்கவில்லை. இப்போது ரெண்டு பாத்ரூமிலும் தனி கீசர் மாட்டிவிட்டோம். பேசிய விதத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மேற்கொண்டு பேச, புக்கிங் செய்த நம்பரிலேயே என்னைக் கூப்பிடலாம்."

முதல் வரியிலேயே சுடுதண்ணீர் வந்துவிட்டதைப் பாருங்கள். போனில் நீளமான பதில் முழுதாகத் தெரியாது, முதல் சில வரிகளோடு நின்றுவிடும், தட்டினால்தான் மிச்சம் விரியும். அந்த இடத்தை "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்பதற்குக் கொடுத்துவிட்டால் குறைக்கு என்ன செய்தோம் என்பதைப் பாதிப் பேர் பார்க்கவே மாட்டார்கள். கீசர் வரியை கீசர் மாட்டின பிறகுதான் எழுத வேண்டும். மாட்டாமல் எழுதினால் அடுத்து வருகிறவர் "ரிப்ளையில கீசர்னு போட்டிருக்காங்க, ரூம்ல இல்ல" என்று எழுதுவார், அதற்குப் பதிலே கிடையாது.

நம் மேல் தப்பே இல்லாதபோது நீளமாக வாதாடுவது

2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். செக்கிங்கில் நிறுத்திவிட்டார்கள் என்று எங்களுக்கு ஒரு ஸ்டார் போட்டார் ஒருவர். இதில் ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் போதும்: இ-பாஸ் அரசின் ஏற்பாடு, epass.tnega.org தளத்தில் எடுக்கலாம், இனி புக்கிங் மெசேஜிலேயே இந்த லிங்க்கை அனுப்புகிறோம். மூன்றாவது பகுதிதான் படிக்கிறவருக்கு உபயோகம்.

தங்கவே தங்காத ஆள் எழுதியிருந்தாலும் "போலி ரிவ்யூ" என்று பாயாதீர்கள். மலையில் ஒரே மாதிரிப் பெயரில் பல காட்டேஜ் இருக்கிறது, இடம் மாறியிருக்கலாம். "இந்தப் பெயரில் எங்களிடம் புக்கிங் தெரியவில்லை, விவரம் அனுப்பினால் பார்க்கிறேன்" என்று எழுதிவிட்டு கூகுளுக்கு ரிப்போர்ட் செய்யுங்கள். உண்மையாகத் தங்கியவரின் கருத்து நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவர்கள் நீக்க மாட்டார்கள்.

தள்ளுபடி கொடுத்து ரிவ்யூவை மாற்றச் சொல்வது

கூகுள் விதிக்கு விரோதம்.

எல்லாருக்கும் ஒரே பதிலை ஒட்டுவது

அதற்கு எழுதாமலே இருக்கலாம்.

ராத்திரியில் எழுதுவது

காலையில் கேர்டேக்கரிடம் பேசிய பிறகு எழுதுங்கள், ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

தம்பியின் பதிலை அங்கேயே திருத்தினோம், நல்லவேளையாக கூகுளில் நம் பதிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ரிவ்யூவில் இருந்த குறை, ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு வந்தது என்பது. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார், கேஸ் தீர்ந்து பக்கத்துத் தோட்டத்திலிருந்து சிலிண்டர் எடுத்து வந்திருக்கிறார்கள். அதையும், இனி ஒரு சிலிண்டர் கூடுதலாக வைத்திருப்போம் என்பதையும் மூன்று வரியில் எழுதினார். "நாலு பேர் வந்ததை அப்படியே விட்டுடறதாண்ணா?" என்று கேட்டார். அதை வாட்ஸ்அப்பில் புக்கிங் உறுதி செய்கிற மெசேஜில் எழுதச் சொன்னேன்: கூடுதல் ஆளுக்கு இவ்வளவு, செக்-இன்னிலேயே வாங்கப்படும் என்று. டீ ஆறிப்போயிருந்தது, அவர் அந்த மெசேஜை டைப் செய்துகொண்டிருந்தார்.