நெருக்கமான மனையில் டவர் கிரேனை எங்கே நிறுத்துவது?

28 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட, 33 மீட்டர் உயரத்துக்கு எழப்போகும் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தெற்கே அருகிலேயே 24 மீட்டர் உயரத்தில் அடுத்த வீட்டுக்காரரின் கட்டடம் நிற்கிறது; அதன் மொட்டைமாடியில் செல்போன் கோபுரம் ஒன்று இருக்கிறது, அதன் உச்சி தரையிலிருந்து 40 மீட்டர்.

முதலில் எட்டும் தூரத்தைப் பாருங்கள். அதை, கிரேனின் செங்குத்துத் தூணான மாஸ்டின் மையத்திலிருந்து, சுமையைத் தூக்கும் ஹூக் வரை அளக்க வேண்டும். தெற்குப் பக்கத்தின் நடுவில், தளத்தின் ஓரத்திலிருந்து 2.5 மீட்டர் தள்ளி மாஸ்டை வைத்தால் மிகத் தொலைவான மூலை ஏறத்தாழ 27 மீட்டரில் வரும்; அதே பக்கத்தின் கோடியில் வைத்தால் 36 மீட்டர் ஆகிவிடும்.

அடுத்தது எடை. ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2.5 டன், பக்கெட்டும் ஸ்லிங்கும் சேர்ந்து 0.4 டன் என்று கொண்டால் 2.9 டன். எடையைத் தூரத்தால் பெருக்கினால் 27 மீட்டரில் இது சுமார் 78 டன்-மீட்டர், 36 மீட்டரில் 104. இந்தப் பெருக்கல் தோராயக் கணக்குதான். இறுதி முடிவை, ஜிப் என்னும் தூக்குக் கையின் குறிப்பிட்ட நீளத்துக்கு எந்தத் தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று காட்டும் லோட் சார்ட்டில்தான் பார்க்க வேண்டும். கிரேனின் அதிகபட்சத் தூக்குத் திறன் மாஸ்டுக்கு அருகில் மட்டுமே கிடைப்பது என்பதால், 'ஆறு டன் கிரேன்' என்ற பெயரை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இனிப் பின்பக்கம். கிடைமட்ட ஜிப் கொண்ட கிரேனில் எதிர் எடை தாங்கும் வால், மாஸ்டின் மையத்திலிருந்து 13 மீட்டர் நீள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் கோபுரமோ மையத்திலிருந்து 10 மீட்டரில் இருக்கிறது. மாஸ்டைக் கிழக்கே நகர்த்தினால் வால் தப்பும், ஆனால் முன்னால் நீளும் ஜிப் தப்பாது. வேலை நின்ற பிறகு காற்றின் போக்கில் கிரேன் முழு வட்டமும் தடையின்றிச் சுழல வேண்டும் என்பதால் அதைக் கயிறு போட்டு நிறுத்தவும் கூடாது. ஜிப்பைக் கோபுர உச்சிக்கு மேலே உயர்த்தலாமே என்றால், முதல் நாளிலிருந்தே மாஸ்ட் ஏறத்தாழ 45 மீட்டர் தனியே நிற்க வேண்டும். பிணைப்பதற்குக் கட்டடம் அப்போது எழுந்திருக்காது. அதற்கேற்ற கனத்த மாஸ்டும் பெரிய அஸ்திவாரமும் இந்த மனையில் அடங்குவது கடினம்.

ஆகவே இங்கே நான், ஜிப்பையே நிமிர்த்தவும் தாழ்த்தவும் முடிகிற லஃபிங் ஜிப் கிரேனைத்தான் தேர்வு செய்வேன், வாடகை கூடினாலும். அதன் வால் சுமார் 7 மீட்டர்தான், கோபுரத்தைத் தொடாது. 30 மீட்டர் நீள ஜிப்பின் அடி தொடக்கத்தில் 30 மீட்டர் உயரத்தில் இருந்து, ஜிப்பை 60 பாகை நிமிர்த்தி நிறுத்தினால், கோபுரம் நிற்கும் 10 மீட்டர் தூரத்தில் ஜிப் சுமார் 47 மீட்டர் உயரத்தில் கடக்கும். வேலை நேரத்தில் ஜிப் தாழும்போது இந்த இடைவெளி இருக்காது: 27 மீட்டரில் ஹூக் இருக்கையில் அதே இடத்தில் ஜிப் ஏறத்தாழ 35 மீட்டரில்தான் இருக்கும். எனவே தெற்குத் திசைக்கு ஜிப் போகாதபடி சுழற்சிக் கட்டுப்பாட்டு லிமிட்டை அமைத்து, அந்தத் தடைப்பகுதியை வரைபடத்திலும் குறிக்க வேண்டும்.

நிறுத்தும் கோணத்தைத் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கிறதா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். மாலையில் ஆபரேட்டர் முதலில் ஜிப்பை அந்தக் கோணத்துக்கு உயர்த்திவிட்டு, அதன் பிறகே சுழற்சி பிரேக்கை விடுவிக்க வேண்டும். வரிசை மாறினால், தாழ்ந்த ஜிப்பைக் காற்று நேராகக் கோபுரத்தின் மீது கொண்டுபோய்ச் சேர்க்கும்.